மார்க் ரிஜிஸ்டர் போட்டோவை எக்செல்லாக மாற்றும்போது

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்ததும் எங்கள் டிடிபி கடையின் வாட்ஸப்புக்கு மார்க் ரிஜிஸ்டர் போட்டோக்கள் வரத் தொடங்கிவிடும். "தம்பி, இதை எக்செல்லில் போட்டு, டோட்டல், ரேங்க் எல்லாம் தானாக வருகிற மாதிரி செய்து கொடுங்க. நாளைக்கு ஹெச்.எம். மீட்டிங் இருக்கு" என்பதுதான் அநேகமாக எல்லா டீச்சர்களும் சொல்வது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் பொதுத்தேர்வில் நிறுத்திவிட்டது. ஆனால் வகுப்புக்குள் ரேங்க் போடுவது பல பள்ளிகளில் இன்னும் நிற்கவில்லை. ரேங்க் கார்டு என்ற பெயரே அப்படியேதான் இருக்கிறது.

இந்த வேலையில் எண்களைக் கணினிக்குள் கொண்டுவருவது சுலபமான பாதி. வந்த எண் சரியா என்று நிரூபிப்பதும், அந்தப் பள்ளி ரேங்க் போடுகிற முறைக்கே ஃபார்முலாவை எழுதுவதும்தான் கஷ்டமான பாதி. பத்தாம் வகுப்பு ரிஜிஸ்டர் ஒன்றை வைத்து அந்த இரண்டையும் சொல்கிறேன். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், வரிசை எண்ணே போதும்.

முதலில் போட்டோ. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பென்சிலில் எழுதிய 3க்கும் 8க்கும் வித்தியாசமே தெரியாது. படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். ரிஜிஸ்டர் தடிமனான நோட்டு என்பதால் நடுத் தையல் பக்கம் தாள் வளைந்து நிற்கும், அந்த ஓரத்து நெடுவரிசை சாய்ந்து விழும். மேலே ஒரு ஸ்கேலை வைத்து அழுத்திக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுத்தால் போதும். ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று எடுத்தால் கையின் நிழல் சரியாக மார்க் மேலேயே விழும். ஒரே படத்தில் முழுப் பக்கமும் வர வேண்டும் என்றும் இல்லை. மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக எடுத்து, இரண்டிலும் ஓரிரு வரி பொதுவாக இருந்தால் வசதி.

அடுத்து, படத்திலிருந்து எண்களை எடுப்பது. போனில் இருக்கும் எக்செல் செயலியிலேயே அட்டவணைப் படத்தை எடுத்துக் கட்டங்களாக மாற்றும் வசதி இருக்கிறது. அச்சடித்த மதிப்பெண் பட்டியல் என்றால் அது நன்றாகவே வேலை செய்கிறது. கையெழுத்து என்றால் எழுதியவர் கையைப் பொறுத்தது. 42 பிள்ளைகள், ஐந்து பாடம், மொத்தம் 210 எண்கள். நம்பர் பேட் உள்ள கீபோர்டில் இதை அடிக்கப் பெரிய நேரம் ஆகாது. எழுத்து மோசமாக இருந்தால் நான் படத்தை ஓரமாகத் திறந்து வைத்துக்கொண்டு கையால்தான் அடிப்பேன். தப்பாக வந்ததைத் தேடித் திருத்துவதைவிட அது வேகம். இந்த ரிஜிஸ்டரில் எழுத்து ஓரளவு தெளிவாக இருந்ததால் மார்க் பகுதியை மட்டும் வெட்டி, போன் எக்செல் வழியாகவே எடுத்தேன்.

மார்க் பகுதியை மட்டும் வெட்டியதற்குக் காரணம் உண்டு. கையால் எழுதிய தமிழ்ப் பெயர்கள் இப்படி எடுத்தால் உருப்படியாக வருவதில்லை. பெயரைப் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் பட்டியலிலிருந்து டீச்சர் எக்செல்லாகவே கொடுத்துவிட்டார். ஆனால் இதில்தான் பெரிய குழி இருக்கிறது. ரிஜிஸ்டரில் பையன்கள் முதலில், பெண்கள் பிறகு என்று இருக்கும். எமிஸ் பட்டியல் வேறு வரிசையில் இருக்கும். அதோடு, ரிஜிஸ்டரில் 31ஆம் எண்காரர் டி.சி. வாங்கிப் போய்விட்டார். அவர் வரியில் சிவப்பு மையில் கோடு அடித்திருக்கிறது, வரி மட்டும் அங்கேயே இருக்கிறது. எமிஸ் பட்டியலில் 42 பெயர், ரிஜிஸ்டரில் 43 வரி. இதைக் கவனிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் 31க்குக் கீழே உள்ள எல்லோருக்கும் முந்தின ஆளின் மார்க் போய்ச் சேரும். கூட்டல் எல்லாம் சரியாகவே வரும், எந்தச் சோதனையும் இதைக் காட்டிக் கொடுக்காது. அதனால் சேர்க்கை எண்ணையும் ஒரு நெடுவரிசையாக அடித்து வைத்துக்கொண்டு, அதை வைத்துத்தான் பெயரைப் பொருத்த வேண்டும். பொருத்திய பிறகு முதல் வரி, கடைசி வரி, கோடு அடித்த இடத்துக்கு அடுத்த வரி, இந்த மூன்றையும் ரிஜிஸ்டரோடு நேரில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் நிம்மதி.

தாளின் அமைப்பு இப்படி வைத்துக்கொண்டேன். A வரிசை எண், B சேர்க்கை எண், C பெயர். D முதல் H வரை தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். I மொத்தம், J தேர்ச்சி, K ரேங்க். அதற்கப்புறம் L, M என்று இரண்டு நெடுவரிசை. அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன். தலைப்புகள் எல்லாம் போக முதல் பிள்ளை 5ஆவது வரியில், கடைசிப் பிள்ளை 46ஆவது வரியில்.

எண்கள் உள்ளே வந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், அவை நிஜமாகவே எண்கள்தானா என்று பார்ப்பது. படத்திலிருந்து வரும்போது 70 என்பது ஏழும் ஆங்கில எழுத்து ஓவும் சேர்ந்து வரும். 64க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். பார்வைக்கு எண், எக்செல்லுக்கு அது எழுத்து. SUM அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டும். அடையாளம் சுலபம்: எண் என்றால் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து என்றால் இடது ஓரத்தில். நடுவில் நிற்கும்படி அலங்காரம் செய்துவிட்டால் இந்த அடையாளம் போய்விடும், அதனால் அலங்காரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே இதைப் போடலாம்:

```
=COUNT(D5:D46)+COUNTIF(D5:D46,"AB")
```

எண்ணாக இருப்பவர்களும் தேர்வுக்கு வராதவர்களும் சேர்ந்து 42 வர வேண்டும். குறைந்தால் அந்த நெடுவரிசையில் எங்கோ எழுத்து இருக்கிறது. வெறுமனே எண் எழுத்து வடிவில் மாட்டிக்கொண்டிருந்தால் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, Data மெனுவில் Text to Columns போய், எதையும் மாற்றாமல் Finish கொடுத்தால் எண்ணாகிவிடும். ஓ எழுத்தைக் கையால்தான் திருத்த வேண்டும்.

இனி L, M. ரிஜிஸ்டரில் டீச்சர் ஏற்கெனவே கையால் கூட்டி மொத்தம் எழுதியிருக்கிறார். பல பேர், 'மொத்தத்தைத்தான் ஃபார்முலா போட்டு விடுமே, அது எதற்கு' என்று அந்த நெடுவரிசையை விட்டுவிடுவார்கள். நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதை அப்படியே L நெடுவரிசையில் அடித்துவிட்டு, ஃபார்முலாவின் மொத்தத்தோடு கழித்துப் பார்க்க வேண்டும்.

```
I5:  =SUM(D5:H5)
M5:  =I5-L5
```

இரண்டையும் 46 வரை இழுத்துவிட்டு, M நெடுவரிசையில் பூஜ்யம் அல்லாததெல்லாம் சிவப்பாகத் தெரியும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டுவிடுங்கள். எல்லாம் பூஜ்யம் என்றால் பிழைத்தோம். இல்லையென்றால் அந்த வித்தியாசமே தப்பு எப்படிப்பட்டது என்று பாதி சொல்லிவிடும்.

6 அல்லது 60 வித்தியாசம் என்றால் முதல் சந்தேகம் 1க்கும் 7க்கும் நடுவே. தலையில் கோடு சின்னதாகப் போடுகிறவர்களின் 7, 1 ஆகிவிடும். 0, 6 குழம்பினாலும் இதே 6தான். 5 அல்லது 50 என்றால் 3, 8 அல்லது 4, 9. வித்தியாசம் 9ஆல் வகுபடுகிறது என்றால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 45ஐ 54 என்று அடித்தால் 9 வரும், 38ஐ 83 என்று அடித்தால் 45 வரும். இது கையால் அடிக்கும்போது வருகிற தப்பு, படத்திலிருந்து எடுக்கும்போது அவ்வளவாக வராது. முழுசாக 10 அல்லது 100 என்றால் தப்பு நம்மிடம் இல்லாமல் ரிஜிஸ்டரிலேயே இருக்கவும் வாய்ப்பு உண்டு.

இந்த ரிஜிஸ்டரில் 17ஆம் எண்ணை எடுத்துக்கொள்வோம். உள்ளே வந்தது 78, 64, 31, 72, 81. ஃபார்முலா மொத்தம் 326. ரிஜிஸ்டரில் 332. M கட்டத்தில் -6. நம்மிடம் ஆறு குறைகிறது, ஆக ஏதோ ஒரு 7, 1 ஆகியிருக்கிறது. ஆனால் எது? கணிதம் 31 என்பது 37 ஆக இருக்கலாம், சமூக அறிவியல் 81 என்பது 87 ஆகவும் இருக்கலாம். இரண்டில் எதைத் திருத்தினாலும் மொத்தம் 332 வந்துவிடும், M பூஜ்யமாகிவிடும். ஆனால் 31 என்றால் அந்தப் பிள்ளை ஃபெயில், 37 என்றால் பாஸ். தப்பான இடத்தில் திருத்தினால் மொத்தம் சரியாக இருந்தும் பிள்ளைக்கு ரேங்க் கிடையாது.

இங்கேதான் ரிஜிஸ்டரின் அடிவரிகள் உதவுகின்றன. பாடவாரியாகத் தேர்வு எழுதியோர், தேர்ச்சி பெற்றோர், சதவீதம் என்று கீழே எழுதியிருப்பார்கள். கணிதத்தில் தேர்ச்சி 36 என்று இருந்தது. நம் தாளில்:

```
=COUNTIF(F5:F46,">=35")
```

35தான் வந்தது. கணிதத்தில் ஒருவர் குறைகிறார், 17ஆம் எண்ணின் வரியில் ஆறு குறைகிறது. இரண்டும் சந்திக்கும் கட்டம் F21. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 7இன் தலைக்கோடு ரிஜிஸ்டரின் அச்சுக் கோட்டோடு ஒட்டிப் போயிருந்தது. அதை 37 என்று மாற்றியதும் இரண்டு சோதனையும் ஒன்றாகச் சரியாயின. 35 என்ற எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக 31, 37 நிற்பதால், 1-7 குழப்பம் ரொம்பவே ஆபத்தானது. 30களில் வரும் மார்க்குகளை மட்டுமாவது ஒன்றுவிடாமல் படத்தோடு பார்த்துவிடுவது என் வழக்கம்.

22ஆம் எண் வேறு மாதிரி. M கட்டத்தில் +48. இப்படி ஒரு எண் வந்தால் அந்த வரியில் 48 என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தது, ஆங்கிலத்தில். ரிஜிஸ்டரில் அந்த இடத்தில் AB என்று எழுதியிருக்கிறது, பிள்ளை தேர்வுக்கே வரவில்லை. A நான்காகவும் B எட்டாகவும் படிக்கப்பட்டிருக்கிறது. இதைப் பிடிக்காமல் விட்டிருந்தால் 41, 48, 38, 52, 47 என்று வராத பிள்ளை எல்லாப் பாடத்திலும் பாஸாகி ரேங்க்கும் வாங்கியிருக்கும்.

28ஆம் எண்ணில் +10. மார்க் 88, 76, 69, 81, 90. படத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் ஐந்தும் அதேதான். கூட்டினால் 404, ரிஜிஸ்டரில் 394. ஒன்றாம் இடத்தைக் கூட்டினால் 24 வருகிறது, கைவசம் 2. அந்த இரண்டுக்குப் பதிலாக 1 போட்டுக் கூட்டினால் சரியாக 394. ஆக இது கூட்டலில் நேர்ந்தது. இந்த மாதிரி இடத்தில் நாமாகவே முடிவெடுத்து 404 என்று கொடுத்துவிடக் கூடாது. ஏதாவது ஒரு பாடத்தின் மார்க்கே ரிஜிஸ்டரில் தப்பாக ஏறி, மொத்தம் சரியாக இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. டீச்சருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் பிள்ளையிடம் விடைத்தாள்களை வாங்கிப் பார்த்து, ஐந்தும் சரி என்று உறுதி செய்து, ரிஜிஸ்டரில் 394ஐ ஒரே கோடாக அடித்து 404 எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். அதன் பிறகே L நெடுவரிசையை மாற்றினேன்.

வரி வரியாகக் கூட்டிப் பார்க்கும் சோதனைக்கு ஓர் ஓட்டை உண்டு. ஒரே பிள்ளைக்கு ஒரு பாடத்தில் ஆறு கூடி இன்னொன்றில் ஆறு குறைந்தால் மொத்தம் மாறாது. அபூர்வம்தான், ஆனாலும் நடக்கும். அதற்காக நான் கடைசியில் ஒருமுறை பாடம் பாடமாக, மேலிருந்து கீழாக ஒப்பிடுவேன். கடையில் இன்னொருவர் இருந்தால் அவர் தாளைப் பார்த்துப் படிக்க நான் படத்தில் டிக் அடித்துக்கொண்டே போவேன். ஆள் இல்லையென்றால் கணினி எக்செல்லில் Speak Cells என்று ஒன்று இருக்கிறது. மேலே உள்ள சின்னக் கருவிப்பட்டையில் அதைச் சேர்த்துக்கொண்டு, நெடுவரிசை வாக்கில் படி என்று சொன்னால், தேர்ந்தெடுத்த கட்டங்களை அது வாய்விட்டுப் படிக்கும், நாம் கண்ணைப் படத்தில் வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

எண்கள் உறுதியான பிறகு தேர்ச்சி. ஐந்து பாடத்திலும் 35 எடுத்தால் பாஸ். பலரும் எழுதும் ஃபார்முலா, 35க்குக் கீழே எத்தனை பாடம் என்று எண்ணி, பூஜ்யம் என்றால் பாஸ் என்பது. AB என்பது எழுத்து, 35க்குக் கீழே என்ற கணக்கில் அது வராது. அதனால் வராத பிள்ளை பாஸாகிவிடும். திருப்பி எண்ணுங்கள்:

```
J5:  =IF(COUNTIF(D5:H5,">=35")=5,"P","F")
```

35ம் அதற்கு மேலும் எத்தனை பாடத்தில் என்று எண்ணி, ஐந்து இருந்தால் மட்டும் பாஸ். AB இருந்தாலும், கட்டம் காலியாக இருந்தாலும், எண் எழுத்தாக மாட்டியிருந்தாலும் ஐந்து வராது, F என்று வந்து நிற்கும். தெரியாமல் பாஸ் போடுவதைவிட F வந்து நின்று நம்மைத் திரும்பிப் பார்க்க வைப்பது நல்லது. அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25 என்று இரண்டு நெடுவரிசையாக வைத்திருக்கும் பள்ளி என்றால், இரண்டுக்கும் தனித்தனிக் குறைந்தபட்சம் உண்டா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கூட்டி 35 பார்ப்பது மட்டும் போதாது. பிளஸ் டூ என்றால் ஆறு பாடம், பாடங்களின் நடுவே ஒரு நெடுவரிசையைச் செருகிவிட்டு, ஃபார்முலாவில் =5 என்பதை =6 ஆக்க வேண்டும்.

அப்புறம் ரேங்க். எக்செல்லில் RANK என்றே ஒரு ஃபார்முலா இருக்கிறது, அதைப் போட்டால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நம் பள்ளிகளில் ஒரு பாடத்தில் ஃபெயில் என்றாலும் ரேங்க் கிடையாது, அந்த இடத்தில் ஒரு கோடு. RANK அதைப் பார்க்காது, மொத்தத்தை மட்டும் பார்க்கும். இந்த வகுப்பில் ஒரு பையன் 92, 89, 33, 95, 94. மொத்தம் 403, கணிதத்தில் ஃபெயில். RANK போட்டால் அவன் ஏழாவது. ஃபெயில் ஆனவர்களின் ரேங்க்கை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் ஆகாது. 401 எடுத்துப் பாஸான பிள்ளைக்கு எட்டு என்று வரும், வகுப்பில் ஏழாவது ரேங்க் என்று யாருமே இருக்க மாட்டார்கள். அதனால் பாஸானவர்களுக்குள் மட்டும் எண்ண வேண்டும்:

```
K5:  =IF(J5="P",COUNTIFS(J$5:J$46,"P",I$5:I$46,">"&I5)+1,"-")
```

இதன் பொருள் சுலபம். நான் பாஸா? பாஸ் என்றால், பாஸானவர்களில் என்னைவிட அதிக மொத்தம் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, ஒன்று கூட்டு. என்னைவிட மேலே யாரும் இல்லை என்றால் பூஜ்யம், கூட்டல் ஒன்று, முதல் ரேங்க்.

டாலர் குறி எதற்கு என்று பலர் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது 5:46 என்பது 6:47, 7:48 என்று தானும் நகரும். கீழே போகப் போக மேலே உள்ள பிள்ளைகள் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். கடைசிப் பிள்ளைக்கு ஒப்பிட யாருமே இருக்க மாட்டார்கள், பாஸ் என்றால் முதல் ரேங்க்தான். பட்டியலின் அடிப்பகுதியில் 1, 2, 3 என்று ரேங்க் குவிந்து கிடந்தால் டாலர் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

மார்க் சமமாக வந்தால் என்ன செய்வது என்பதைக் கேட்டுவிட்டுத்தான் ரேங்க் போட வேண்டும். இந்த வகுப்பில் பாஸானவர்களின் மொத்தம் மேலிருந்து 471, 452, 436, 436, 419, 404, 401, 398 என்று போகிறது. மேலே சொன்ன ஃபார்முலா 1, 2, 3, 3, 5, 6, 7, 8 என்று கொடுக்கும். 28ஆம் எண்ணின் அந்தப் பத்து மார்க் எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் இதில் தெரியும். 404 என்றால் ஆறு, 394 என்றே விட்டிருந்தால் எட்டு. இந்த டீச்சர் பட்டியலைப் பார்த்ததும் கேட்டது, "நாலாவது ரேங்க் எங்கே தம்பி? எங்க ஸ்கூல்ல மூணு, மூணு, நாலுன்னுதான் போடுவோம்." அதுவும் சில பள்ளிகளில் உள்ள முறைதான். அதற்கு ஃபார்முலா கொஞ்சம் நீளம்:

```
=IF(J5="P",SUMPRODUCT((J$5:J$46="P")*(I$5:I$46>I5)
 /COUNTIFS(J$5:J$46,J$5:J$46,I$5:I$46,I$5:I$46))+1,"-")
```

பார்க்கப் பயமாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். ஒரே மொத்தம் எடுத்த இரண்டு பேரை ஆளுக்கு அரை என்று எண்ணுகிறது. மூன்று பேர் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. ஆக 436 எடுத்த இருவரும் சேர்ந்து ஓர் ஆளாகிவிடுகிறார்கள், 419க்கு நான்காவது ரேங்க் வருகிறது. 5 முதல் 46 வரை I, J இரண்டிலும் ஃபார்முலா இழுத்திருக்க வேண்டும், நடுவில் வெற்று வரி இருக்கக் கூடாது. இருந்தால் பூஜ்யத்தால் வகுத்த பிழை வந்து எல்லோருடைய ரேங்க்கும் ஒரேயடியாகப் போய்விடும். டி.சி. வாங்கியவரின் வரியை நான் நீக்கிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சில பள்ளிகளில் சமமாக வந்தால் கணித மார்க்கைப் பார்த்து முந்தியவரை முடிவு செய்வார்கள். எதுவானாலும் அது பள்ளியின் முடிவு, கடைக்காரன் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

பாடவாரி அடிவரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதியோருக்கு COUNT, தேர்ச்சிக்கு மேலே சொன்ன COUNTIF, சராசரிக்கு AVERAGE. மூன்றும் AB கட்டத்தைத் தாமாகவே விட்டுவிடும். சதவீதத்தை மட்டும் எழுதியவர்களால் வகுப்பதா, மொத்தப் பிள்ளைகளால் வகுப்பதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; ஆங்கிலத்தில் ஒருவர் வராததால் 41க்கும் 42க்கும் விடை மாறும், ஹெச்.எம். மீட்டிங்கில் அதைத்தான் முதலில் கேட்பார்களாம்.

கொடுக்கும்போது ரேங்க் வாரியாக அடுக்கிய ஒரு பிடிஎஃப், ரிஜிஸ்டர் வரிசையிலேயே இருக்கும் எக்செல், இரண்டும் கொடுப்பேன். அடுக்கும்போது K நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிடாமல், A முதல் M வரை முழுவதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரும் மார்க்கும் அதே இடத்தில் நிற்கும், ரேங்க் ஃபார்முலா அந்தந்த வரிக்கே மறுபடி கணக்கிட்டு, பட்டியல் அடுக்கப்படாமலே இருக்கும். L, M இரண்டையும் அச்சில் வராமல் மறைத்துவிடலாம், அழிக்க வேண்டாம். போட்டோவையும் கோப்பையும் கடைக் கணினியிலிருந்து நீக்கிவிடுவேன். ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தப் பேரின் மார்க்கும் பொதுக் கணினியில் கிடக்கத் தேவையில்லை.

அரையாண்டுக்கு அதே கோப்பை டீச்சரே பயன்படுத்திக்கொள்ளலாம். வேறு பெயரில் சேமித்துக்கொண்டு, D முதல் H வரையும் L நெடுவரிசையும் மட்டும் காலி செய்துவிட்டுப் புது மார்க்கை அடித்தால் போதும். மற்றவை தாமாக வரும். அந்த இரண்டு பகுதியைத் தவிர மற்ற கட்டங்களைப் பூட்டி ஷீட்டைப் பாதுகாத்துக் கொடுத்தால், ஃபார்முலா மேலேயே 332 என்று அடித்துவிடுகிற விபத்து நடக்காது. புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் மட்டும் பூட்டைத் திறக்க வேண்டியிருக்கும். அப்போது 46ஆவது வரிக்குக் கீழே அடிக்காதீர்கள், ரேங்க் கணக்கு அந்தப் பிள்ளையைக் கண்டுகொள்ளாது. நடுவில் எங்காவது ஒரு வரியைச் செருகினால் 5:46 என்பது தானாக 5:47 ஆகிவிடும். அதில் பெயரைப் போட்டு, மேல் வரியின் I, J, K, M ஃபார்முலாக்களை இழுத்துவிட வேண்டும்.